இரத்தம் என்றார்கள், பார்த்ததோ பதிவேட்டை

கேள்வி: நாஜிகள் யூதர்களை மதமாகப் பார்க்கவில்லை, இனமாகத்தான் பார்த்தார்கள் என்கிறார்கள். அப்படியென்றால் ஒருவர் யூதரா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? கிறிஸ்தவராக மாறியவர்களையும் ஏன் விடவில்லை? இந்த "மூன்று தாத்தா பாட்டி" கணக்கு எங்கிருந்து வந்தது?

தாத்தா பாட்டிகளின் மதத்தை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். 1935 நவம்பர் 14 அன்று வந்த ஒரு விதிமுறை இதை எழுத்தில் சொன்னது. நான்கு பேரில் மூன்று அல்லது நான்கு பேர் யூதர்கள் என்றால் பேரனும் யூதர். இரண்டு பேர் என்றால் இன்னும் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் "இரண்டாம் நிலைக் கலப்பினம்". சரி, அந்தத் தாத்தா யூதர் என்பது எப்படித் தெரியும்? அதற்கும் அதே விதிமுறையில் பதில் இருக்கிறது: அவர் யூத மத சமூகத்தில் உறுப்பினராக இருந்திருந்தால் போதும், மேற்கொண்டு எந்த விசாரணையும் இல்லாமல் அவர் முழு யூதர் என்று கொள்ளப்படும். இனம் என்று தொடங்கிய சட்டம் இரண்டு தலைமுறை பின்னால் போனதும் மதத்தில் போய் நின்றுவிடுகிறது. அதைச் சொன்னவர்களுக்கே இது தெரிந்திருந்தது.

ஆரம்பத்தில் இந்த மூன்று பேர் கணக்கே கிடையாது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1933 ஏப்ரல் 7 அன்று அரசு ஊழியர் சட்டம் ஒன்று வந்தது. "ஆரியர் அல்லாதவர்" அரசு வேலையில் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். யார் ஆரியர் அல்லாதவர் என்பதை நாலு நாள் கழித்து வந்த விதிமுறை சொன்னது: பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டிகளில் ஒருவரோ யூத மதத்தைச் சேர்ந்தவராக இருந்தால் போதும். அதாவது நாலில் ஒன்று. முதல் உலகப் போரில் முன்னணியில் சண்டை போட்டவர்களுக்கும், அந்தப் போரில் தந்தையையோ மகனையோ இழந்தவர்களுக்கும், போருக்கு முன்பே வேலையில் இருந்தவர்களுக்கும் மட்டும் விலக்கு இருந்தது, அதுவும் அப்போது குடியரசுத் தலைவராக இருந்த கிழவர் ஹிண்டன்பர்க் அழுத்திச் சொன்னதால். வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் இந்த விலக்குக்குள் வந்தவர். இளம் வயதிலேயே கிறிஸ்தவராக மாறியவர், நோபல் பரிசு வாங்கியவர், போரில் ஜெர்மனிக்காக விஷவாயுவையே உருவாக்கிக் கொடுத்தவர். தன் ஆய்வகத்தில் இருந்த மற்ற யூதப் பின்னணிக்காரர்களை அவரே வெளியேற்ற வேண்டும் என்று வந்தபோது ராஜினாமா செய்துவிட்டு வெளிநாடு போனார், அடுத்த ஆண்டு ஜனவரியில் சுவிட்சர்லாந்தில் இறந்தார். ஞானஸ்நானம் இனி எதற்கும் உதவாது என்பதற்கு அவரைவிடத் தெளிவான ஆள் கிடையாது.

அடுத்தது 1935 செப்டம்பர். நியூரம்பர்க் நகரில் கட்சி மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே ஹிட்லருக்கு அவசரமாக யூத எதிர்ப்புச் சட்டம் வேண்டும் என்று தோன்றியது. பெர்லினில் உள்துறை அமைச்சகத்தில் யூத விவகாரத்தைக் கவனித்த பெர்ன்ஹார்ட் லோசனர் என்ற அதிகாரியை 13ஆம் தேதி அங்கே வரவழைத்தார்கள். அவரும் மேலதிகாரி வில்ஹெல்ம் ஷ்டுக்கார்ட்டும் மற்றவர்களும் சேர்ந்து இரவும் பகலுமாக வரைவு எழுதினார்கள். 15ஆம் தேதி யூதர்களைக் குறிவைத்த இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று, முழுக் குடியுரிமை "ஜெர்மானிய இரத்தம் அல்லது அதற்கு நெருங்கிய இரத்தம்" உள்ளவருக்கு மட்டும். இன்னொன்று, யூதருக்கும் அப்படிப்பட்டவருக்கும் நடுவே திருமணமோ உறவோ கூடாது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், யார் யூதர் என்று இரண்டு சட்டத்திலும் ஒரு வரிகூட இல்லை! வரைவில் "இச்சட்டம் முழு யூதர்களுக்கு மட்டுமே பொருந்தும்" என்று ஒரு வாக்கியம் இருந்ததாகவும், ஹிட்லர் தன் கையாலேயே அதை அடித்துவிட்டு, பத்திரிகைச் செய்தியில் மட்டும் அது இருக்கட்டும் என்றதாகவும் லோசனர் போருக்குப் பிறகு எழுதி வைத்தார். தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள எழுதிய நினைவுகள் அவை, அதனால் எல்லாவற்றையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் சட்டத்தில் வரையறை இல்லை என்பதை இன்றும் யாரும் எடுத்துப் பார்க்கலாம். கல்யாணம் செய்தால் சிறை என்று சட்டம் போட்டாயிற்று, அது யாருக்கு என்றுதான் சொல்லவில்லை.

அதற்கடுத்த இரண்டு மாதம் கட்சிக்கும் அமைச்சகத்துக்கும் நடுவே பேரம் நடந்தது. டாக்டர்கள் அமைப்பின் தலைவர் கெர்ஹார்ட் வாக்னர் தலைமையில் கட்சிக்காரர்கள், பாதி யூதர்களையும் முடிந்தால் கால் யூதர்களையும்கூட யூதர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார்கள். உள்துறைக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். கருணையால் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் வைத்த வாதங்களைப் பார்த்தால் தெரியும்: பாதி யூதரைத் தள்ளிவிட்டால் அவருக்குள் இருக்கும் "ஜெர்மானியப் பாதி" எதிரிக்குத் தலைமை தாங்கப் போய்விடும், ராணுவத்துக்கு ஆயிரக்கணக்கான ஆட்கள் குறைவார்கள், அவர்களுடைய ஜெர்மன் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆட்சிமீது கசப்படைவார்கள். ஹிட்லர் ஒரு பக்கமும் சாயாமல் தள்ளிப்போட்டார். கடைசியில் பாதி யூதர்களை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பங்கு கொடுத்துச் சமரசம் செய்தார்கள். ஆக, மூன்று என்ற எண் எந்த ஆய்வகத்திலிருந்தும் வரவில்லை, இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே நடந்த பேரத்தில் வந்தது.

இந்தப் பிரிவினைதான் முழு விஷயத்தின் மையம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இரண்டு யூதத் தாத்தா பாட்டி உள்ளவர் சாதாரணமாக "முதல் நிலைக் கலப்பினம்". ஆனால் நான்கு நிலைமைகளில் அவர் யூதராகவே கருதப்படுவார். 1935 செப்டம்பரில் அவர் யூத மத சமூகத்தில் உறுப்பினராக இருந்தாலோ பிறகு சேர்ந்தாலோ யூதர். அப்போது யூதரை மணந்திருந்தாலோ பிறகு மணந்தாலோ யூதர். சட்டத்துக்குப் பிறகு யூதருடன் நடந்த திருமணத்தில் பிறந்திருந்தால் யூதர். யூதருடனான திருமணத்துக்கு வெளியே உள்ள உறவில் 1936 ஜூலை 31க்குப் பிறகு பிறந்திருந்தாலும் யூதர். அந்தத் தேதியைக் கவனியுங்கள். உறவுக்குத் தடை வந்தது செப்டம்பர் நடுவில். அதற்குமுன் கருவானவை என்று சொல்ல வாய்ப்புள்ள குழந்தைகளுக்குப் பத்து மாதம் தாராளமாக விட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். யாரோ ஒரு அதிகாரி மேசையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணியிருக்கிறார்.

ஒரு உதாரணம் வைத்துப் பார்க்கலாம். அப்பா யூதர், அவருடைய அப்பா அம்மா இருவரும் யூத சமூகத்தில் பதிவானவர்கள். அம்மா புராட்டஸ்டண்ட், அவர் பக்கத்தில் எல்லாரும் கிறிஸ்தவர்கள். இரண்டு பையன்கள், ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்கள். மூத்தவன் அப்பாவோடு யூத ஜெபக்கூடத்துக்குப் போய்ப் பழகி, யூத சமூகப் பட்டியலில் பெயர் உள்ளவன். இளையவனுக்கு அம்மா வழியில் ஞானஸ்நானம் ஆகிவிட்டது. இருவருக்கும் அதே இரண்டு யூதத் தாத்தா பாட்டி, அதே "இரத்தம்". சட்டப்படி மூத்தவன் யூதர், இளையவன் முதல் நிலைக் கலப்பினம். மூத்தவன் 1941 செப்டம்பரிலிருந்து சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் குத்திக்கொண்டு திரிய வேண்டும், நாடு கடத்தும் பட்டியலில் பெயர் வரக் கூடியவன். இளையவன் ராணுவத்துக்கே அழைக்கப்பட்டிருப்பான், 1940இல் பாதி யூதர்களை வெளியேற்றச் சொன்ன உத்தரவு வரும்வரை சீருடையில் இருந்திருப்பான். போரின் கடைசிப் பகுதியில் கட்டாய உழைப்பு முகாம் அவனுக்கும் காத்திருந்தது, ஆனாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு அவனுக்கு அதிகம். இத்தனை வித்தியாசத்துக்கும் காரணம் ஒரு உறுப்பினர் பட்டியலில் பெயர் இருப்பதும் இல்லாததும். உயிரியல் என்று சொல்லிக்கொண்ட ஒரு சட்டம் கூடப்பிறந்தவர்களை இரண்டு இனமாக்கியது.

இதைவிடக் கோமாளித்தனமான ஒன்றை அமைச்சக அதிகாரிகளே அச்சில் வெளியிட்டார்கள். ஷ்டுக்கார்ட்டும் ஹான்ஸ் குளோப்கே என்ற இன்னொரு அதிகாரியும் 1936இல் இந்தச் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதினார்கள், அதிகாரிகள் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கத்தான். அதில் ஒரு பெண்ணைப் பற்றிய உதாரணம் வருகிறது. தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம், முழு "ஜெர்மானிய இரத்தம்". ஒரு யூதரை மணந்து யூத மதத்துக்கு மாறுகிறாள். கணவர் இறந்துவிடுகிறார். திரும்பக் கிறிஸ்தவத்துக்கு வருகிறாள், ஜெர்மானியர் ஒருவரை இரண்டாவதாக மணக்கிறாள், பிள்ளைகள் பிறக்கின்றன, பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள். இந்த இரண்டாவது திருமண வழியில் வந்த பேரனுடைய உடம்பில் யூதர் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. ஆனாலும் அவன் கால் யூதன். ஏன்? பாட்டி ஒரு காலத்தில் யூத சமூகத்தில் இருந்தாள், அவ்வளவுதான். அந்த உரை கூச்சமே இல்லாமல் சொல்கிறது: மதம் மாறிய ஜெர்மானியர் தன்னளவில் ஜெர்மானியராகவே நீடிப்பார், ஆனால் பேரப்பிள்ளைகளைக் கணக்கிடும்போது அவரை முழு யூதர் என்று கொள்ள வேண்டும். ஒரே பெண், தனக்கு ஆரியர், பேரனுக்கு யூதர்.

இவ்வளவு முரண்பாட்டை ஏன் பொறுத்துக்கொண்டார்கள் என்றால், வேறு வழி இல்லை. இரத்தப் பிரிவைச் சோதித்துப் பார்த்தார்கள், மண்டை ஓட்டையும் மூக்கையும் அளந்தார்கள், பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். யூதரைத் தனியே பிரித்துக் காட்டும் ஒரு அடையாளம்கூடக் கிடைக்கவில்லை, கிடைக்கவும் செய்யாது. ஆறு கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டில் லட்சக்கணக்கான கோப்புகளை ஒரு குமாஸ்தா முடிக்க வேண்டும் என்றால் அவருக்குத் தேவை ஒரு காகிதம். அந்தக் காகிதம் எங்கே இருந்தது? ஜெர்மனி முழுவதும் அரசு பிறப்புப் பதிவு தொடங்கியது 1876இல்தான், பிரஷ்யாவில் ஓரிரு வருடம் முன்னால். 1935இல் நாற்பது வயது ஆளின் தாத்தா 1830, 1840களில் பிறந்திருப்பார். அவர் பிறந்ததற்குப் பெரும்பாலான இடங்களில் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேடோ யூத சமூகத்தின் பதிவேடோதான் சாட்சி. மதத்தைத் தவிர வேறு எதையும் குறித்து வைக்காத பதிவேடுகளை வைத்துக்கொண்டு இனத்தைத் தேடினால் மதம்தானே கிடைக்கும்.

சாதாரண ஜெர்மானியருக்கும் இதில் வேலை வந்தது. அரசு வேலைக்கும் இன்னும் பலவற்றுக்கும் வம்சாவளிச் சான்று வேண்டும். சின்னச் சான்றுக்கு ஏழு பிறப்பு அல்லது ஞானஸ்நானப் பத்திரங்கள், அதாவது தனக்கு ஒன்று, பெற்றோருக்கு இரண்டு, தாத்தா பாட்டிகளுக்கு நான்கு, அதோடு மூன்று திருமணப் பத்திரங்கள். கட்சியில் சேர 1800 வரை பின்னால் போக வேண்டும், கட்சியின் சொந்தப் படையான எஸ்.எஸ்.ஸில் அதிகாரியாக 1750 வரை. ஊர் ஊராகப் பாதிரியார்களுக்குக் கடிதம் எழுதி எழுதி மக்கள் தங்கள் கொள்ளுத்தாத்தாக்களைத் தேடினார்கள். பெர்லினில் கார்ல் தேமல் என்ற பாதிரியார் தலைமையில் சர்ச்சே ஒரு அலுவலகம் திறந்து, பழைய பதிவேடுகளை அட்டை அட்டையாகப் பெயர்த்து எழுதி, ஞானஸ்நானம் பெற்ற யூதர்களைத் தனியாகப் பிரித்தெடுத்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் சிக்கினார்கள். நூறு வருடத்துக்கு முன் ஒருவரை வரவேற்று எழுதிய அதே வரி, பேரனைக் காட்டிக்கொடுத்தது. இந்த விஷயத்தில் எனக்கு நாஜி அமைச்சகத்தின் மீது வரும் கோபத்தைவிட இந்தப் பாதிரியார் அலுவலகத்தின் மீதுதான் அதிகம் வருகிறது, அவர்களை யாரும் துப்பாக்கி முனையில் உட்கார வைக்கவில்லை.

1939 மே மாதக் குடிமக்கள் கணக்கெடுப்பில் இது நாடு முழுவதற்கும் போனது. வழக்கமான படிவத்தோடு ஒரு துணை அட்டையும் உறையும் கொடுத்தார்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் நான்கு தாத்தா பாட்டிகளைத் தனித்தனியாகக் கேட்டு, இவர் "இனத்தால் முழு யூதரா", ஆமா இல்லையா என்று எழுதச் சொன்னார்கள். மதம் என்ற சொல்லே அந்தக் கேள்வியில் இல்லை, ஆனால் நிரப்புகிறவருக்குத் தன் தாத்தா எந்தக் கோயிலுக்குப் போனார் என்பதைத் தவிர வேறு என்ன தெரியும்? ஆஸ்திரியாவையும் சேர்த்து சுமார் 3.3 லட்சம் பேர் யூதர்கள், 70,000 சொச்சம் பேர் முதல் நிலை, 40,000 சொச்சம் பேர் இரண்டாம் நிலை என்று முடிவு வந்தது. இதில் யூதர் என்று எண்ணப்பட்டவர்களிலேயே பல ஆயிரம் பேர் கிறிஸ்தவர்கள்.

இன்னொன்று, யூத மதச் சட்டத்தோடு இது எந்த விதத்திலும் ஒத்துப்போகாது. யூத மதகுருக்களான ரபிகளின் சட்டப்படி தாய் யூதர் என்றால் பிள்ளை யூதர், அல்லது முறைப்படி மதம் மாறியவர் யூதர். நாஜிக் கணக்கில் தாய்க்கும் தந்தைக்கும் வித்தியாசம் கிடையாது. யூதத் தாய்க்கும் கிறிஸ்தவத் தகப்பனுக்கும் பிறந்து ஞானஸ்நானம் பெற்றவர் ரபிக்கு யூதர், அமைச்சகத்துக்குக் கலப்பினம். யூதத் தகப்பனுக்கும், பாதி யூதரான ஆனால் தாய்வழியில் கிறிஸ்தவரான அம்மாவுக்கும் பிறந்தவர் ரபிக்கு யூதர் இல்லை, அமைச்சகத்துக்கு மூன்று தாத்தா பாட்டி கணக்கில் யூதர். தன்னை யூதராக ஒருநாளும் நினைக்காதவர்களும், யூத சமூகமே ஏற்காதவர்களும் இப்படித்தான் அகப்பட்டார்கள். எடித் ஷ்டைனை எடுத்துக்கொள்ளுங்கள். தத்துவம் படித்தவர், 1922இல் கத்தோலிக்கரானார், பிறகு கார்மேல் சபைக் கன்னியாஸ்திரி. நெதர்லாந்தில் மடத்தில் இருந்தவரை 1942 ஆகஸ்டில் அக்காவோடு சேர்த்துப் பிடித்து, ஒரு வாரத்துக்குள் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள்.

அதே நெதர்லாந்தில் இந்தச் சட்டத்தின் ஓட்டையை ஒருவர் நல்லதற்குப் பயன்படுத்தினார். ஹான்ஸ் கால்மையர் என்ற ஜெர்மன் வக்கீல், ஹேக் நகரில் ஆக்கிரமிப்பு நிர்வாகத்தில் சந்தேகக் கேஸ்களை முடிவு செய்யும் பிரிவில் உட்கார்ந்திருந்தார். ஜெர்மனியில் தாத்தா யூத சமூகத்தில் இருந்தார் என்றால் பேச்சு முடிந்தது, மறுத்து வாதாட இடமில்லை. கால்மையர் மறுப்புக்கு இடம் கொடுத்தார். "நான் என் சட்டப்படியான அப்பாவுக்குப் பிறந்தவன் இல்லை, அம்மாவுக்கு வேறொரு கிறிஸ்தவரோடு உறவு இருந்தது" என்று மனு வரும், கூடவே பழைய கடிதங்களும் சர்ச் நகல்களும் வரும், அவற்றில் நிறையப் போலி. கிழவியாகிவிட்ட தாய்மார்கள் பிள்ளையைக் காப்பாற்றத் தாங்கள் செய்யாத கள்ள உறவை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். சந்தேகம் தீராத கேஸ்களை மூக்கையும் காதையும் அளக்கும் நிபுணரிடமும் அனுப்பினார்கள். கால்மையர் கண்டும் காணாமல் ஏற்றுக்கொண்டதில் சுமார் 3,000 பேர் பிழைத்தார்கள் என்று கணக்கு. அவர் நிராகரித்த மனுக்களும் உண்டு, அவர்கள் ரயிலேறினார்கள், அதனால் அவரைப் பற்றி இன்றும் சண்டை ஓயவில்லை.

ஜெர்மனிக்குள் கட்சிக்காரர்கள் பாதி யூதர்களை விட்டுவிட மனமில்லாமல் கடைசிவரை முயன்றார்கள். 1942 ஜனவரி 20 அன்று வான்சே ஏரிக்கரை மாளிகையில் கூடி ஐரோப்பிய யூதர்களைக் கொல்வதைப் பற்றிப் பேசியபோது, கூட்டத்தின் கணிசமான நேரம் இந்தக் கலப்பினக் கணக்கிலேயே போனது. பாதி யூதர்களையும் யூதர்களோடு சேர்த்துவிடலாம், சிலருக்கு மட்டும் விலக்கு என்றார் கூட்டத்தை நடத்திய எஸ்.எஸ். தளபதி ஹைட்ரிக். அதற்குப் பதிலாக எல்லாருக்கும் கட்டாயக் கருத்தடை செய்துவிடலாம் என்றார் ஷ்டுக்கார்ட், 1935இல் பாதி யூதர்களுக்காக வாதாடிய அமைச்சகத்தின் அதே ஷ்டுக்கார்ட். அதே ஆண்டில் இன்னும் இரண்டு கூட்டம் போட்டும் முடிவு எட்டவில்லை.

போருக்குப் பிறகு ஷ்டுக்கார்ட் விசாரிக்கப்பட்டு, காவலில் இருந்த காலத்தையே தண்டனையாகக் கழித்துவிட்டு வெளியே வந்தார், 1953இல் கார் விபத்தில் இறந்தார். பாட்டிக்கும் பேரனுக்கும் வெவ்வேறு இனம் எழுதிய உரையின் இன்னொரு ஆசிரியர் குளோப்கே, அதே 1953இலிருந்து பத்து வருடம் மேற்கு ஜெர்மனியில் பிரதமர் அடனாவரின் அலுவலகத்துக்குத் தலைமை அதிகாரியாக இருந்தார்.